குளிர்பானத் தனி விநியோக ஒப்பந்த வரைவு குறித்த விளக்கக் கடிதம்

பெரியகுளம் மொத்த வணிகர் அண்ணாச்சி அவர்களுக்கு,

வணக்கம். பழச்சாறு குளிர்பானக் கம்பெனி தங்களுக்கு அனுப்பிய ஒப்பந்த வரைவை முழுமையாகப் படித்துவிட்டேன். அது ஆங்கிலத்தில் இருப்பதால், கையெழுத்திடுவதற்கு முன் அதன் பொருளைத் தமிழில் எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். எல்லாப் பத்திகளும் ஒரே அளவு முக்கியமானவை அல்ல. தங்கள் பணம் எங்கே மாட்டக்கூடுமோ அந்த இடங்களை மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

பெரியகுளம், தேனி ஆகிய இரு தாலுகாக்களிலும் தங்களைத் தவிர வேறு டிஸ்ட்ரிபியூட்டரை நியமிப்பதில்லை என்று கம்பெனி வாக்களிக்கிறது. இதுதான் தனி உரிமை. அதற்கு ஈடாகத் தாங்கள் ஆண்டுக்குக் குறைந்தது 12,000 பெட்டி வாங்க வேண்டும். ஏரியா முழுவதையும் ஒருவரிடமே ஒப்படைத்துவிட்டு அவர் சரக்கை அசைக்காமல் இருந்தால் கம்பெனிக்கு அங்கே வியாபாரமே இருக்காது என்பதால், டார்கெட் கேட்பது தவறல்ல. அதை எப்படிப் பிரித்திருக்கிறார்கள் என்பதில்தான் தங்களுக்குப் பாதகம் இருக்கிறது.

12,000 பெட்டியை மூன்று மாதத்துக்கு 3,000 என்று நான்கு சம பங்காக வகுத்திருக்கிறார்கள். ஒரு காலாண்டில் 2,700 பெட்டிக்குக் கீழே போனால், 3,000-க்குக் குறைந்த ஒவ்வொரு பெட்டிக்கும் 40 ரூபாய் ஈடு கட்ட வேண்டும். அடுத்தடுத்து இரண்டு காலாண்டுகள் அப்படிக் குறைந்தால், கம்பெனி தனி உரிமையை ரத்து செய்து இன்னொருவரை நியமிக்கலாம். இப்போது தாங்கள் கொடுத்த சென்ற ஆண்டுக் கணக்கைப் பாருங்கள்: ஏப்ரல் முதல் ஜூன் வரை 4,300 பெட்டி, ஜூலை முதல் செப்டம்பர் வரை 1,700, அக்டோபர் முதல் டிசம்பர் வரை 1,200, ஜனவரி முதல் மார்ச் வரை 2,200, மொத்தம் 9,400. வெயிலும் வீரபாண்டித் திருவிழாவும் சேரும் மாதங்களில் ஓடுகிற குளிர்பானம் ஐப்பசி மழையில் அதே அளவு ஓடாது. தாங்கள் எல்லாக் காலாண்டிலும் வியாபாரத்தை 28 சதவீதம் உயர்த்தினால் ஆண்டு மொத்தம் 12,032 பெட்டி வரும். அதாவது ஆண்டு டார்கெட்டை எட்டிவிடுவீர்கள். ஆனாலும் நடுவிலுள்ள இரண்டு காலாண்டுகளில் 2,176, 1,536 பெட்டிகள்தான் நிற்கும். அந்தக் குறைவுக்காக 91,520 ரூபாய் கட்ட வேண்டி வருவதோடு, அவை அடுத்தடுத்த காலாண்டுகள் என்பதால் தனி உரிமையும் பறிபோகும் நிலைக்கு வரும். ஆண்டுக் கணக்கில் ஜெயித்தவரையே தோற்றவராக ஆக்குகிற இந்தப் பத்தியை இப்படியே ஏற்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதல் ஆண்டுக்கு 10,800 பெட்டி என்றும், அதை வரிசையாக 4,900, 1,900, 1,400, 2,600 என்று பிரிக்கும்படியும் கேளுங்கள். ஒரு காலாண்டில் கூடுதலாக எடுத்தது அடுத்த காலாண்டில் வரவு வைக்கப்பட வேண்டும். உரிமையை ரத்து செய்வது ஆண்டு முடிவில், மொத்தக் கணக்கைப் பார்த்த பிறகே என்றும் எழுத வேண்டும். இதுவரை இந்த ஏரியாவில் சரக்கு எடுத்து வந்த மற்ற வியாபாரிகளின் கடைகள் தங்களிடம் வரும் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வது நடக்கலாம். ஆனால் அந்தக் கடைகளுக்குப் புதிதாகக் கடன் கொடுத்துப் பழக்க மாதங்கள் பிடிக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல.

டார்கெட்டை எதை வைத்து எண்ணுவது என்பது அடுத்த கேள்வி. வரைவில் பில் போட்ட தேதிதான் கணக்கு. சித்திரையில் தாங்கள் 1,500 பெட்டிக்கு ஆர்டர் கொடுத்து, கம்பெனி 900-ஐ மட்டும் அனுப்பினால், மீதி 600 பெட்டியும் தங்கள் குறைவாகவே எழுதப்படும். ஆகவே எழுத்தில் கொடுத்த ஆர்டரே டார்கெட் கணக்கு என்றும், கம்பெனி அனுப்பத் தவறிய அளவு டார்கெட்டில் கழிக்கப்படும் என்றும் மாற்ற வேண்டும். ஆர்டரை ஃபோனில் சொன்னாலும் உடனே வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ பதிவு செய்துவிடுங்கள். அதே போல, காலாண்டு கடைசியில் டார்கெட்டை முடிக்கச் சரக்கை இறக்கச் சொல்வார்கள். பாட்டிலில் அச்சிட்ட காலாவதித் தேதிக்கு மூன்று மாதத்துக்கும் குறைவாக உள்ள சரக்கை மறுக்கும் உரிமை தங்களுக்கு எழுதப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் காலாவதியான பெட்டிகள் தங்கள் குடோனில் தங்கள் முதலீடாகவே கிடக்கும்.

தனி உரிமை என்ற பெயர் இருந்தாலும், சூப்பர் மார்க்கெட், தியேட்டர், கல்லூரி கேன்டீன், ஆன்லைன் விற்பனை ஆகியவற்றுக்கு நேரடியாக சப்ளை செய்யும் உரிமையைக் கம்பெனி தன்னிடமே வைத்துக்கொண்டிருக்கிறது. அவற்றை முழுவதும் விட்டுத்தர மாட்டார்கள். ஏரியாவுக்குள் அப்படிப் போகும் பெட்டிகளைத் தங்கள் டார்கெட்டில் சேர்க்கவாவது கேட்கலாம். வத்தலக்குண்டு டிஸ்ட்ரிபியூட்டரின் வண்டி தேவதானப்பட்டிக் கடைகளில் சரக்கு இறக்குவதாகத் தாங்கள் சொன்னதற்கும் வரைவில் பதில் இல்லை. புகார் கொடுத்த முப்பது நாளில் கம்பெனி அதை நிறுத்தாவிட்டால் அந்தக் காலாண்டு டார்கெட் குறையும் என்று சேர்க்கச் சொல்லுங்கள்.

வேறு எந்தக் கம்பெனியின் குளிர்பானத்தையும் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஒப்பந்தம் முடிந்த பின்னும் ஓராண்டு அது தொடரும் என்கிறார்கள். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொழில் செய்யக் கூடாது என்ற தடை செல்லாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது உள்ள தடை வேறு: 1995-இல் ஒரு குளிர்பான வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அத்தகைய தடையை ஏற்றிருக்கிறது. எனவே தாங்கள் ஏற்கெனவே விற்கும் சோடாவையும் தண்ணீர் பாட்டிலையும் விலக்காகப் பெயர் சொல்லி எழுதிக்கொள்ளாமல் இதில் இறங்க வேண்டாம்.

பெட்டிக்கு 40 ரூபாய் என்று எழுதியிருப்பதாலேயே அது முழுவதும் கம்பெனிக்குக் கிடைத்துவிடாது. அதே சட்டத்தின் 74-ஆம் பிரிவின்படி, அந்தத் தொகைக்கு மிகாமல் நியாயமான ஈட்டை மட்டுமே நீதிமன்றம் தரும். ஆனால் தங்கள் 3 லட்சம் ரூபாய் டெபாசிட் அவர்கள் கையில் இருக்கும்போது அதில் கழித்துக்கொள்வார்கள். வழக்குப் போட வேண்டியவர் தாங்களாகிவிடுவீர்கள், அதுவும் வரைவின்படி சென்னை நீதிமன்றத்தில். அதைத் தேனி மாவட்ட நீதிமன்றம் என்று மாற்றக் கேட்போம். தொகை எழுதாத செக் இரண்டு கேட்டிருப்பதற்கு ஒப்புக்கொள்ளவே கூடாது. அவற்றில் தொகை நிரப்பி வங்கியில் போட்டுப் பணமில்லாமல் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ் தங்கள் மேல் குற்ற வழக்கே தொடரலாம். வேண்டுமானால் வங்கி உத்தரவாதம் தரலாம்.

முப்பது நாள் நோட்டீஸில் ஒப்பந்தத்தை முடிக்கும் உரிமை கம்பெனிக்கு மட்டுமே இருக்கிறது. அது இருவருக்கும் தொண்ணூறு நாள் என்றும், விற்பனைக்குத் தகுதியான மீதிச் சரக்கைப் பில் விலைக்கே திரும்ப எடுத்து, நிலுவையில் உள்ள ஸ்கீம் கிளெய்மோடு டெபாசிட்டையும் முப்பது நாளில் தர வேண்டும் என்றும் இருக்கட்டும்.

ஏரியா மேனேஜர் வாய்மொழியாக என்ன உறுதி சொன்னாலும், வரைவில் எழுதப்பட்டதே முழு ஒப்பந்தம் என்று கடைசிப் பத்தி சொல்வதால், மாற்றங்களைக் கடிதமாகக் கொடுத்துப் பதிலையும் எழுத்தில் வாங்குவோம். அந்தக் கடிதத்தை நான் தயார் செய்கிறேன். அதற்குச் சென்ற மூன்று ஆண்டுகளின் மாதவாரிக் கொள்முதல் கணக்கும், தற்போது கைவசமுள்ள சரக்கின் காலாவதித் தேதிப் பட்டியலும், வத்தலக்குண்டு சரக்கு வந்த கடைகளின் பில் நகல்களும் வேண்டும். அவை வரும்வரை செக்கோ டெபாசிட்டோ கொடுத்துவிட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வழக்கறிஞர்