குத்தை விரித்துப் பார்த்த பிறகு மருந்து: புகையான் பற்றிய வானொலி உரை

ஒலிபரப்பு: கார்த்திகை மூன்றாம் வாரம், திங்கள் மாலை 6.30. நேரம்: 12 நிமிடம்.
குரல்கள்: அறிவிப்பாளர் (பெண்), வேளாண் அலுவலர், சம்பா விவசாயி (நீடாமங்கலம் பக்கம், ஒன்றரை ஏக்கர் ஆந்திரா பொன்னி).

(தவளைச் சத்தம், வாய்க்கால் ஓடும் ஓசை. ஐந்து விநாடியில் மெல்லக் குறையும்.)

அறிவிப்பாளர்: வணக்கம். வானம் மூன்று நாளாக மூடிக்கொண்டே இருக்கிறது, வெயில் முகம் காட்டவில்லை. பயிருக்குள் கையை விட்டால் வெந்நீர் அண்டா மூடியைத் திறந்தது போல ஒரு புழுக்கம். இந்த மாதிரி நாட்களில் நம் தொலைபேசிக்கு வரும் கேள்விகளில் பாதி ஒரே கேள்விதான்: "நடு வயலில் வட்டமாகத் தீய்ந்து போகிறது, என்ன செய்வது?" அப்படிக் கேட்ட ஒருவரை இன்று நேராகவே கூட்டி வந்திருக்கிறோம். அக்கா, சொல்லுங்கள், முதலில் எங்கே பார்த்தீர்கள்?

விவசாயி: மோட்டார் கொட்டகையிலிருந்து பார்த்தால் நடுவயல் தெரியும் பாப்பா. ஒரு பாய் அளவுக்கு மஞ்சளாக இருந்தது. தண்ணீர் நின்று அழுகுகிறது போல என்று விட்டுவிட்டேன். நாலாம் நாள் போய்ப் பார்த்தால் வைக்கோல் நிறத்தில் சாய்ந்து கிடக்கிறது. ஒரு பாய் நாலு பாயாகிவிட்டது. இரண்டு தரம் மருந்தும் அடித்தாகிவிட்டது.

அறிவிப்பாளர்: இரண்டு தரமும் அடங்கவில்லையா?

விவசாயி: அடங்கினால் இங்கே ஏன் வருகிறேன்?

(இருவரும் சிரிப்பு.)

வேளாண் அலுவலர்: வட்டமாகத் தீய்ந்தது என்று நீங்கள் சொன்ன உடனே முக்கால்வாசி தெரிந்துவிட்டது அம்மா. அது புகையான். பழுப்பு நிறத் தத்துப்பூச்சி, அரிசி அளவுகூட இருக்காது. குத்தின் அடியில், தண்ணீர் மட்டத்துக்கு விரற்கடை மேலே உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலே இருக்கும் இலை பச்சையாகத்தான் இருக்கும். அது மஞ்சளாகி நமக்குத் தெரியும்போது அடியில் கூட்டமே குடியேறியிருக்கும்.

அறிவிப்பாளர்: அப்படியானால் வரப்பில் நின்று பார்ப்பது போதாது.

வேளாண் அலுவலர்: போதவே போதாது. வரப்பிலிருந்து பத்துப் பதினைந்து எட்டு உள்ளே போங்கள். வரப்போரத்தில் காற்றும் வெளிச்சமும் படும், அங்கே அது அதிகம் இருக்காது. ஒரு குத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடியுங்கள். அடித்தண்டை நாலு விரலால் படபடவென்று தட்டுங்கள். தண்ணீரைப் பாருங்கள். தவிட்டு நிறத்தில் சின்னச் சின்னதாக விழுந்து, தண்ணீர் மேலேயே குறுக்காக நடந்து மறுபடி தண்டில் ஏறும். அதுதான் புகையான். சிறுசுகள் வெள்ளையாக, தூள் மாதிரி மிதக்கும்.

விவசாயி: வயலில் தண்ணீர் இல்லை என்றால்?

வேளாண் அலுவலர்: பழைய தட்டு ஒன்றில் கொஞ்சம் எண்ணெய் தடவி, குத்தின் அடியில் சாய்த்துப் பிடித்துத் தட்டுங்கள். விழுந்தது ஒட்டிக்கொள்ளும், எண்ணிவிடலாம். குறுக்காக நடந்து பத்து இடத்தில் இப்படிப் பாருங்கள்.

(தயாரிப்புக் குறிப்பு: அடுத்து வரும் கணக்கை நிதானமாகச் சொல்லவும். ஒரு முறை நிறுத்தி, மறுபடி சொல்லவும்.)

வேளாண் அலுவலர்: கணக்கு இதுதான். தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி. அதாவது ஒரு குத்தில் 15 தூர் இருந்தால் 15 பூச்சி. அதுவரைக்கும் மருந்துக்கடைப் பக்கம் போக வேண்டாம். இன்னொரு விஷயம். அதே குத்தில் ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு பூச்சி வரை பொறுக்கலாம். 15 தூருக்கு 30.

அறிவிப்பாளர்: மறுபடி ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். சிலந்தி இல்லையென்றால் தூருக்கு ஒன்று. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு. சிலந்திக்கு ஏன் சார் இவ்வளவு மரியாதை?

வேளாண் அலுவலர்: கூலி கேட்காத ஆள். வலை பின்னாமல் தண்ணீர் மேல் ஓடியே பிடிக்கும் சிலந்தி ஒன்று உண்டு, முதுகில் முள்கரண்டி மாதிரிக் கோடு இருக்கும். நாள் முழுக்கப் புகையானைத்தான் தின்னும். பச்சையாக மெலிந்த ஒரு நாவாய்ப்பூச்சியும் உண்டு, அது தண்டுக்குள் இருக்கும் புகையான் முட்டையையே தேடி உறிஞ்சும். மருந்தால்கூட அந்த முட்டையைச் சுலபமாகத் தொட முடியாது. சரி அம்மா, நீங்கள் முதல் தரம் எதற்கு அடித்தீர்கள்?

விவசாயி: இலைச்சுருட்டுப் புழுவுக்கு. ஐப்பசியில். இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாக இருந்தது. கடையில் கொடுத்தார்கள். பேர் வாயில் வரவில்லை சார், ஏதோ 'த்ரின்' என்று முடியும்.

வேளாண் அலுவலர்: அங்கேதான் முடிச்சு. சைப்பர்மெத்ரின், டெல்டாமெத்ரின், லாம்டா சைஹலோத்ரின், இப்படி 'த்ரின்' என்று முடியும் மருந்தை நெல்லில் அடித்தால் புழு சாகும். கூடவே சிலந்தி, நாவாய்ப்பூச்சி எல்லாம் சாகும். தண்டுக்குள் இருக்கிற புகையான் முட்டை தப்பித்து, ஒரு வாரம் பத்து நாளில் பொரிந்து வெளியே வரும். வந்து பார்த்தால் காவல்காரனே இல்லை. மருந்து அடித்த வயலில் புகையான் பெருகுவது இப்படித்தான்.

விவசாயி: அப்போ நான் காசு கொடுத்துப் புகையானைக் கூப்பிட்டேனா?

வேளாண் அலுவலர்: நீங்கள் மட்டும் இல்லை அம்மா, டெல்டா முழுக்க இது நடக்கிறது. லேபிளைப் படித்துச் சொல்ல வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் கடைக்குக் கூட்டிப் போங்கள். 'த்ரின்' என்றால் வேண்டாம் என்று அது சொல்லட்டும்.

(இடை இசை, நான்கு விநாடி.)

அறிவிப்பாளர்: சரி, கணக்கைத் தாண்டிவிட்டது. நாளைக்குக் காலையில் எழுந்ததும் முதல் வேலை என்ன?

வேளாண் அலுவலர்: மண்வெட்டியை எடுங்கள். மடையை வெட்டித் தண்ணீரை வடிய விடுங்கள். அடியில் ஈரப் புழுக்கம் இருந்தால்தான் அதற்குக் கொண்டாட்டம். மூன்று நாலு நாள் வடிந்து கிடக்கட்டும், பிறகு தண்ணீர் கட்டி, மறுபடி வடியுங்கள். ஆனால் கதிர் வெளிவரும் நேரமாக இருந்தால் மண் வெடிக்கும் அளவுக்குக் காய விடாதீர்கள், பதர் கூடிவிடும். சேறு சேறாக ஈரம் இருந்தால் போதும்.

விவசாயி: என் வயலுக்கு வடிகால் அடுத்தவர் வயல் வழியாகத்தான் சார்.

வேளாண் அலுவலர்: அவரிடமும் போய்ச் சொல்லுங்கள், அவர் வயலையும் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். புகையானுக்கு வரப்பு தெரியாது. இரண்டாவது வேலை, பட்டம் பிரிப்பது. நடும்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டிருந்தால் இன்றைக்குப் பாதித் தொல்லை இருக்காது. விடவில்லையா, பரவாயில்லை. ஒரு நீளக் கம்பை வைத்து, எட்டு அடிக்கு ஒரு இடத்தில் பயிரை இரண்டு பக்கமும் ஒதுக்கிச் சாய்த்து வழி உண்டாக்குங்கள். காற்றும் வெளிச்சமும் அடி வரை போகும். மருந்து அடிக்கிற ஆளும் அந்த வழியாகவே நடக்கலாம்.

அறிவிப்பாளர்: யூரியா?

வேளாண் அலுவலர்: மூட்டையைப் பிரிக்காதீர்கள். புகையான் அடங்குகிற வரை மேலுரத்தில் யூரியா வேண்டாம். கரும்பச்சையாகத் தழைத்த பயிர் அதற்குக் கல்யாண விருந்து.

விவசாயி: வேப்பங்கொட்டைக் கரைசல் கேட்குமா?

வேளாண் அலுவலர்: கணக்கை எட்டும் முன்னால் கேட்கும். ஏக்கருக்கு 10 கிலோ வேப்பம்பருப்பை இடித்து, துணியில் கட்டி, 20 லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். காலையில் பிழிந்து வடிகட்டி, 200 லிட்டராக்கி, கொஞ்சம் காதி சோப்பைக் கரைத்துச் சேர்த்து சாயங்காலமாக அடியுங்கள். பூச்சி குறைவாக இருக்கும்போது நன்றாகக் கட்டுப்படுத்தும். உங்கள் வயல் மாதிரி நாலு பாய் அளவு தீய்ந்த பிறகு அதை மட்டும் நம்ப வேண்டாம்.

அறிவிப்பாளர்: அப்போது எந்த மருந்து? எழுதிக்கொள்ள நினைப்பவர்கள் பேனா எடுத்துக்கொள்ளுங்கள்.

(தயாரிப்புக் குறிப்பு: ஐந்து விநாடி இடைவெளி. மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டி வாசிக்கவும்.)

வேளாண் அலுவலர்: பைமெட்ரோசின், தண்ணீரில் கரையும் 50 சதவீதக் குருணை. ஏக்கருக்கு 120 கிராம், தண்ணீர் 200 லிட்டர். 10 லிட்டர் கைத்தெளிப்பானுக்கு 6 கிராம். 16 லிட்டர் பேட்டரி டேங்குக்கு ஒன்பதரை கிராம்.

அறிவிப்பாளர்: பை-மெட்-ரோ-சின். ஏக்கருக்கு 120 கிராம், 10 லிட்டர் டேங்குக்கு 6 கிராம்.

வேளாண் அலுவலர்: இதில் ஒரு விஷயம் தெரியாவிட்டால் காசு வீணாகும். இந்த மருந்து அடித்த உடனே பூச்சி பொத்தென்று விழாது. அதன் வாயைக் கட்டிவிடும். சாறு உறிஞ்ச முடியாமல் இரண்டு மூன்று நாளில் பட்டினியில் சாகும். மறுநாள் காலை போய்ப் பார்த்து, இன்னும் நடக்கிறதே என்று வேறு மருந்தை வாங்கி வந்து அடிக்கிறவர்கள்தான் அதிகம். நாலாம் நாள் தட்டிப் பாருங்கள். முட்டை பொரிந்து வருவதைப் பார்க்க ஏழெட்டு நாள் கழித்து இன்னொரு தரம் தட்டுங்கள்.

விவசாயி: இரண்டாவது தரம் நான் அடித்தது மேலே மேலேதான் சார். ஆள் கூலிக்கு வந்தார், ஏக்கருக்கு நாலே டேங்கில் முடித்துவிட்டார்.

வேளாண் அலுவலர்: நாலு டேங்க் மருந்து இலை மேலேயே காய்ந்திருக்கும். பூச்சி அடியில் நிழலில் உட்கார்ந்து சிரித்திருக்கும். முதலில் தண்ணீரை வடியுங்கள். பட்டத்துக்குள் நடங்கள். தெளிப்பானின் மூக்கு முழங்காலுக்குக் கீழே, தண்டைப் பார்த்து இருக்க வேண்டும். தீய்ந்த வட்டத்தை மட்டும் அடித்துவிட்டு வராதீர்கள். வட்டத்தின் நடுவில் இருந்த பூச்சி காலி செய்துகொண்டு ஓரத்துக்கு நகர்ந்திருக்கும், அதனால் வட்டத்துக்கு வெளியே பச்சையாக இருக்கும் பயிரிலிருந்து தொடங்கி உள்நோக்கி அடியுங்கள்.

அறிவிப்பாளர்: அடிக்கிற ஆளைப் பற்றியும் சொல்லிவிடுங்கள் சார்.

வேளாண் அலுவலர்: காற்று போகும் திசையில் நடக்க வேண்டும், எதிர்த்து அல்ல. கலக்குவதற்குக் குச்சி, கை அல்ல. கையுறை, முகத்தில் துணி, முழுக்கைச் சட்டை. இடையில் பீடி, வெற்றிலை வேண்டாம். முடித்ததும் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுச் சாப்பிடுங்கள். காலி உறையை வாய்க்காலில் போடாதீர்கள், அந்தத் தண்ணீரில்தான் மாடு வாய் வைக்கும்.

விவசாயி: போன தரம் வந்தவர் சட்டையே போடாமல் அடித்தார்.

வேளாண் அலுவலர்: இந்தத் தரம் சட்டை போட்டால்தான் கூலி என்று சொல்லிவிடுங்கள்.

அறிவிப்பாளர்: அக்கா, இன்னும் தீயாத பயிர் எவ்வளவு இருக்கும்?

விவசாயி: ஒன்றே கால் ஏக்கருக்கு மேல் நன்றாகத்தான் நிற்கிறது. விடிந்ததும் மடையை வெட்டிவிடுகிறேன். தட்டு எங்கே வைத்தேன் என்றுதான் தேட வேண்டும்.

அறிவிப்பாளர்: தேடி எடுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, எத்தனை விழுந்தது என்று எங்களுக்கும் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: உங்கள் வயலில் சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டருக்கு 1800 180 1551 என்ற எண்ணில் காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை பேசலாம். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கூப்பிடும் முன்னால் குத்தைத் தட்டி எண்ணிக்கொள்ளுங்கள், முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும். அடுத்த திங்கள், வரப்பில் வளை போடும் எலியைப் பற்றிப் பேசுவோம். வணக்கம்.

(வாய்க்கால் ஓசை மெல்ல ஏறி, அடங்கும்.)