பெருநாள் வாழ்த்து: கணக்குப் பிரிவு நண்பர்களுக்கு

அன்புள்ள அக்கா, அண்ணன், தம்பி, தங்கைகள் எல்லோருக்கும்,

இன்று மாலை பிறை தெரிந்தால் நாளை பெருநாள். தெரியாவிட்டால் 30ஆவது நோன்பையும் பிடித்துவிட்டு நாளை மறுநாள். அதனால் வாழ்த்தை இன்றே சொல்லிவிடுகிறேன்.

போன வருடம் ‘ஈத் முபாரக்’ என்று ஒரு வரி மட்டும் குழுவில் போட்டேன். எல்லோரும் திருப்பிச் சொன்னீர்கள். அப்புறம் சாப்பாட்டு நேரத்தில் மேரி அக்கா, “அதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டார்கள். அன்று எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை. ஈத் என்றால் பெருநாள். முபாரக் என்றால் பரக்கத் நிறைந்தது. இருப்பது கொஞ்சமே ஆனாலும் குறையாமல் வருவதை எங்கள் வீட்டில் பரக்கத் என்போம். தீர்ந்துவிட்டது என்று அரிசிப் பானைக்குள் கைவிட்டால் இன்னும் ஒரு படி தட்டுப்படுகிற மாதிரி. அந்த நிறைவு உங்கள் வீட்டிலும் இருக்கட்டும். அவ்வளவுதான் நான் சொல்ல வந்தது.

தமிழில் இதற்கு ஈகைத் திருநாள் என்று பெயர். எனக்கு மிகவும் பிடித்த பெயர். பெருநாள் தொழுகைக்கு முன்பே வீட்டில் ஆளுக்குச் சுமார் இரண்டரை கிலோ அரிசி என்ற கணக்கில் இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவோம், அன்றைக்கு யாரும் பசியோடு இருக்கக் கூடாது என்று. கைக்குழந்தைக்கும் அந்தக் கணக்கு உண்டு.

ரமணா, ரம்ஜான் சுபாகாங்க்ஷலு! நீ தந்த உகாதிப் பச்சடியை நோன்பு திறந்ததும் சாப்பிட்டேன், வேப்பம்பூக் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. பீனா சேச்சி, பெருந்நாள் ஆசம்சகள். அந்தச் சொல் நம் இரண்டு பேருக்கும் பொது. வாசலில் இருக்கும் பீகார் அண்ணனுக்கு ஈத் முபாரக் என்றாலே புரியும், மீதியை யாராவது இந்தியில் படித்துக் காட்டுங்கள்.

இந்த மாதம் முழுக்க என் எதிரில் தண்ணீர் பாட்டிலை மேசைக்குக் கீழே வைத்துக் குடித்தீர்களே, அதை நான் பார்க்காமல் இல்லை. அடுத்த வருடம் மறைக்காமல் குடியுங்கள், எனக்கு ஒரு சிரமமும் இல்லை. மாலைக் கூட்டங்களை மதியத்துக்கு மாற்றிய மேலாளர் சாருக்கும் நன்றி.

திங்கட்கிழமை வட்டலப்பம் கொண்டுவருகிறேன். அதில் முட்டை உண்டு. முட்டை சேர்க்காதவர்களுக்குத் தனிப் பாத்திரத்தில், தனிக் கரண்டியோடு சேமியாப் பாயசம். முந்திரி ஆகாதவர்கள் முன்கூட்டியே சொல்லுங்கள், போடாமல் எடுத்துவைக்கிறேன். மேரி அக்கா, உங்களுக்குத் தவக்காலம் முடியவில்லை என்பது ஞாபகம் இருக்கிறது, உங்கள் பிரியாணி ஈஸ்டருக்குப் பிறகு. விரதத்தாலோ வேறு எதனாலோ சாப்பிட முடியாதவர்கள் சும்மா வந்து உட்கார்ந்து பேசுங்கள். எனக்கு அதுவும் சந்தோஷம்தான்.

பெருநாள் தொழுகையில் உங்கள் எல்லோருக்காகவும் துஆ கேட்பேன். செல்வியக்கா மகளின் பிளஸ் டூ தேர்வுக்கும் சேர்த்து.

அன்புடன்,
ஃபாத்திமா