விளையாட்டுத் திடலில் யாழினிக்கு ஏற்பட்ட காயம் பற்றிப் பெற்றோருக்குக் கடிதம்

நாள்: 23.07.2025, புதன்கிழமை

அனுப்புநர்: தலைமையாசிரியை, ஊராட்சி ஒன்றிய நடுநிலைப்பள்ளி
பெறுநர்: நான்காம் வகுப்பு மாணவி யாழினியின் பெற்றோர்

அன்புள்ள யாழினியின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வணக்கம்.

நேற்று மதியம் பள்ளித் திடலில் யாழினி விழுந்ததில் இடது மணிக்கட்டுக்குச் சற்று மேலே எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. மருத்துவமனையில் மாவுக்கட்டுப் போட்டு நேற்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தலையில் அடி இல்லை, நெற்றியில் ஒரு சிராய்ப்பு மட்டும்தான் என்று டாக்டர் பார்த்துச் சொன்னார். அம்மா நேரில் இருந்ததால் இதெல்லாம் தெரியும். அப்பா திருப்பூரில் இருப்பதால் போனில் துண்டு துண்டாகக் கேட்டிருப்பீர்கள். நடந்தது முழுவதையும் இருவரும் ஒரே மாதிரி தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

மதிய இடைவேளை 2.50-க்கு விட்டோம். யாழினி வகுப்புத் தோழிகளோடு சறுக்குமரத்துக்குப் போனாள். மேலே ஏறி உட்கார்ந்தபோது, கீழேயிருந்து இரண்டு பிள்ளைகள் சறுக்கும் பலகை வழியாகவே மேலே ஏறி வந்திருக்கிறார்கள். வழி அடைபட்டதால் யாழினி திரும்பி ஏணி வழியாக இறங்கப் பார்த்தாள். அப்போது கால் வழுக்கி, சுமார் நான்கடி உயரத்திலிருந்து பக்கவாட்டில் விழுந்தாள். விழும்போது இடது கையைத் தரையில் ஊன்றியதால் உடம்பின் பாரம் முழுவதும் மணிக்கட்டில் இறங்கிவிட்டது. அப்போது மணி 2.55 இருக்கும்.

அன்று திடல் பொறுப்பில் இருந்த ஆசிரியை குடிநீர்க் குழாய்ப் பக்கம் நின்றிருந்தார். யாழினி விழுந்ததை அவர் பார்க்கவில்லை, அழுகைச் சத்தம் கேட்டுத்தான் ஓடினார். அதனால் அருகில் இருந்த மூன்று பிள்ளைகளிடம் தனித்தனியாக விசாரித்தேன். யாழினியிடம் நேற்று மாலை மருத்துவமனையில், அம்மாவை வைத்துக்கொண்டே கேட்டேன். நால்வர் சொன்னதும் ஒன்றாகவே இருக்கிறது. யாரோ தள்ளிவிட்டதாக ஊரில் ஒரு பேச்சு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அப்படி யாரும் பார்க்கவில்லை, யாழினியும் அப்படிச் சொல்லவில்லை. பலகை வழியாக ஏறியது தவறு. அந்தப் பிள்ளைகளிடமும் அவர்கள் வீட்டாரிடமும் நான் பேசியாகிவிட்டது. அவர்களும் சின்னப் பிள்ளைகள், நேற்றிலிருந்து பயந்துபோய் இருக்கிறார்கள். அவர்கள் பெயரை இதில் எழுதவில்லை. நீங்களும் அவர்கள் வீட்டு வாசலில் போய்க் கேட்க வேண்டாம். கேட்க வேண்டியது எதுவானாலும் என்னிடம் கேளுங்கள், பதில் சொல்வது என் பொறுப்பு.

விழுந்த இடத்திலேயே யாழினியை உட்கார வைத்து, கழுத்து, முதுகு, தலை எங்காவது வலிக்கிறதா என்று கேட்டோம். மயக்கமோ வாந்தியோ இல்லை. பெயர், வகுப்பு, மதியம் என்ன சாப்பிட்டாள் என்று கேட்டதற்குச் சரியாகச் சொன்னாள். மணிக்கட்டு அதற்குள் வீங்கத் தொடங்கியிருந்தது. வீக்கம் ஏறிவிட்டால் கழற்ற முடியாது என்பதால் இடது கையிலிருந்த இரண்டு ரப்பர் வளையலையும் உடனே கழற்றினோம். அவை வகுப்பாசிரியையிடம் பத்திரமாக இருக்கின்றன. கையை நிமிர்த்தவோ இழுத்துப் பார்க்கவோ இல்லை. இருந்த நிலையிலேயே மடித்த துணியும் தடித்த அட்டையும் வைத்துத் தளர்வாகக் கட்டி, துப்பட்டாவால் கழுத்தில் தொட்டில் போட்டுத் தாங்கினோம். பக்கத்துக் கடையிலிருந்து வாங்கிய ஐஸைத் துணியில் சுற்றிக் கொஞ்ச நேரம் வைத்தோம். விரல்கள் வெதுவெதுப்பாக இருக்கின்றனவா, நிறம் மாறுகிறதா, தொட்டால் தெரிகிறதா என்று மருத்துவமனை போகும்வரை ஆசிரியை பார்த்துக்கொண்டே வந்தார். முழங்கையிலும் நெற்றியிலும் இருந்த சிராய்ப்பைச் சுத்தமான தண்ணீரில் கழுவியதோடு சரி, மருந்து எதுவும் பூசவில்லை.

குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுக்காமல் உதட்டை மட்டும் நனைத்தோம். அம்மாவுக்கு அது மனக்கஷ்டமாக இருந்தது எனக்குத் தெரியும். எலும்பு விலகியிருந்தால் மயக்க மருந்து கொடுத்துத்தான் சரி செய்வார்கள். அந்த நேரத்தில் வயிற்றில் எதுவும் இருக்கக் கூடாது. டாக்டர் பார்த்து, அது தேவையில்லை என்று சொன்ன பிறகுதான் தண்ணீரும் பிஸ்கட்டும் கொடுத்தோம்.

அம்மாவின் எண்ணுக்கு 3.02-க்குக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. வேலைத் தளத்தில் போன் பையில் இருந்ததாக அப்புறம் சொன்னீர்கள். பதிவேட்டில் இரண்டாவதாகக் கொடுத்திருந்த சித்தியின் எண்ணில் 3.06-க்குச் செய்தி சொன்னோம். வகுப்பாசிரியையும் உடற்கல்வி ஆசிரியரும் 3.15-க்கு ஆட்டோவில் யாழினியை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்கள். நினைவு தெளிவாக இருந்தது, ரத்தப்போக்கும் இல்லை. அதனால் 108-க்குக் காத்திருக்காமல் கிளம்பச் சொன்னேன். பள்ளியை ஒப்படைத்துவிட்டு நானும் பின்னாலேயே வந்துவிட்டேன்.

எக்ஸ்ரேயில் முன்கை எலும்பு ஒன்றில், மணிக்கட்டுக்கு அருகே, ஒரு பக்கம் மட்டும் விரிசல் தெரிந்தது. சின்னப் பிள்ளைகளின் எலும்பு நம்முடையதைவிட வளைந்து கொடுக்கும். பச்சைக் குச்சியை வளைத்தால் இரண்டாக முறியாமல் ஒரு புறம் மட்டும் பிளக்குமே, அப்படித்தான் என்று டாக்டர் விளக்கினார். எலும்பு இடம் விலகவில்லை, ஆபரேஷன் தேவையில்லை. முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்கள். ஐந்து வயதுத் தடுப்பூசி போட்டிருப்பதை அம்மா சொன்னதால், இந்தச் சிராய்ப்புக்குத் தனியாக டெட்டனஸ் ஊசி வேண்டாம் என்றார்கள். கட்டு சுமார் நான்கு வாரம் இருக்கும்.

வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டியதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நேற்றைய அவசரத்தில் டாக்டர் சொன்னது எல்லாம் மனதில் நின்றிருக்காது. முக்கியமாக, முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் கூடும் காலம். கட்டுக்குள் கை இறுகினால் ரத்த ஓட்டம் தடைபடும். அதனால் விரல் நுனிகளை அடிக்கடி பாருங்கள். ராத்திரி ஓரிரு முறை எழுந்தும் பாருங்கள். விரல் வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ, சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனாலோ, விரலை நீட்டும்போது துடித்து அழுதாலோ, விடியட்டும் என்று இருந்துவிடாதீர்கள். உடனே மருத்துவமனைக்குப் போங்கள், வண்டி இல்லாவிட்டால் 108-ஐக் கூப்பிடுங்கள். எந்த நேரமானாலும் எனக்கும் போன் செய்யுங்கள்.

படுக்கும்போது கையைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால் வீக்கம் வடியும். விரல்களை அவ்வப்போது மடக்கி நீட்டச் சொல்லுங்கள். கட்டு நனையக் கூடாது, குளிக்கும்போது பிளாஸ்டிக் பையைச் சுற்றிக் கட்டிவிடுங்கள். உள்ளே அரிக்கும், குச்சியோ ஊக்கோ விட்டுச் சொறிய விடாதீர்கள், தோல் கிழிந்து சீழ் பிடித்துவிடும். வலி மருந்தை ஓ.பி. சீட்டில் எழுதிய அளவில், எழுதிய நேரத்தில் மட்டும் கொடுங்கள். கடையில் வேறு மாத்திரை கேட்டு வாங்க வேண்டாம்.

இன்னொன்றையும் உரிமையோடு கேட்டுக்கொள்கிறேன். கட்டைப் பிரித்து எண்ணெய் போட்டு நீவலாம், பத்தை வைத்துக் கட்டலாம் என்று வீட்டுப் பெரியவர்கள் அன்பினால் சொல்லக்கூடும். இப்போது எலும்பு விலகாமல் இருக்கிறது. நீவினால் விலகும், இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் நின்று கைக்கே ஆபத்தாகும். பாட்டியிடம் நானே பேச வேண்டும் என்றால் சொல்லுங்கள், வீட்டுக்கு வருகிறேன்.

நெற்றியில் சிராய்ப்பு இருப்பதால் நாளை இரவு வரை தலையைப் பற்றியும் கவனமாக இருங்கள். திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினாலும் தெளியாத தூக்கம், கூடிக்கொண்டே போகும் தலைவலி, குழப்பமான பேச்சு, நடையில் தள்ளாட்டம், வலிப்பு இவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள். அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

அடுத்ததாக 29.07.2025 செவ்வாய்க்கிழமை காலை எலும்புப் பிரிவு புறநோயாளிப் பகுதிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். எலும்பு விலகாமல் இருக்கிறதா என்று அன்று மறுபடி எக்ஸ்ரே எடுப்பார்கள். யாழினி நன்றாக ஓடியாடினாலும் இதைத் தவறவிடாதீர்கள். பழைய எக்ஸ்ரேயையும் சீட்டையும் கொண்டுபோங்கள். அம்மாவுக்குத் துணை வேண்டுமென்றால் வகுப்பாசிரியை கூட வருவார், திங்கட்கிழமைக்குள் சொன்னால் போதும்.

வலி குறைந்து, இரவில் தூங்கத் தொடங்கிய பிறகு பள்ளிக்கு அனுப்பினால் போதும். வலது கைப் பழக்கம் என்பதால் எழுதச் சிரமம் இருக்காது. புத்தகப் பையைத் தூக்க வேண்டாம், பாட நூல்களை வகுப்பிலேயே வைத்துக்கொள்ளலாம். நெரிசலில் கை இடிபடாமல் இருக்க முன் வரிசை ஓரத்தில் இடம் ஒதுக்கியிருக்கிறோம். சத்துணவுத் தட்டை வாங்கித் தரவும், கழிவறைக்குப் போகும்போது துணையாகவும் ஆயா அக்கா இருப்பார். மதிய மருந்து இருந்தால் சீட்டின் நகலோடு வகுப்பாசிரியையிடம் கொடுங்கள். டாக்டர் அனுமதிக்கும்வரை விளையாட்டு இல்லை. அந்த நேரத்தில் தனியாக உட்காராமல் இருக்க, நூலகத்துக்கு ஒரு தோழியோடு அனுப்புவோம். விட்டுப்போகும் பாடங்களை வந்த பிறகு சொல்லித் தருகிறோம், வீட்டில் அதற்காக நெருக்க வேண்டாம்.

சறுக்குமரத்தை நேற்றே கயிறு கட்டி மூடிவிட்டோம். ஏணிப் படிகள் தேய்ந்து வழவழப்பாக இருக்கின்றன, அடியில் இருந்த மணலும் மிதிபட்டு இறுகிக் கிடக்கிறது. படிகளைச் சரிசெய்து, புது மணல் நிரப்பிய பிறகே திறப்போம். இனி இடைவேளையில் ஒரு ஆசிரியர் சறுக்குமரத்தின் அருகிலேயே நிற்பார். பலகை வழியாக ஏறக் கூடாது என்பதை இன்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில், யார் பெயரையும் சொல்லாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் விளக்கினேன்.

நடந்ததை விபத்துப் பதிவேட்டில் எழுதி வட்டாரக் கல்வி அலுவலருக்கும் தெரிவித்திருக்கிறேன். ஆட்டோ செலவு பள்ளியுடையது, திருப்பித் தர வேண்டாம். அரசின் நிதி உதவி ஏதாவது இதற்குப் பொருந்துமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறேன். பதில் வரும்வரை அதை உறுதியாக நம்பிவிட வேண்டாம். யாழினியின் படத்தையோ எக்ஸ்ரேயையோ பள்ளி வாட்ஸ்அப் குழுவில் யாரும் போடக் கூடாது என்று ஆசிரியர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

25.07.2025 வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு என் அறையில் பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவரோடு இதைப் பற்றிப் பேசுகிறோம். நீங்களும் வர வேண்டும். அப்பா போனில் சேர்ந்துகொள்ளலாம். கூலி போகும் என்றால் மாலை ஆறு மணிக்குமேல் நானே வீட்டுக்கு வருகிறேன். நாங்கள் செய்ததில் உங்களுக்கு நிறைவு இல்லையென்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடமோ, கல்வி உதவி எண் 14417-இலோ தாராளமாகச் சொல்லலாம். அதனால் யாழினியை நாங்கள் நடத்தும் விதம் துளியும் மாறாது.

படித்துவிட்டு, இணைத்துள்ள ரசீதில் கையெழுத்திட்டு, யாழினியின் அக்காவிடம் கொடுத்தனுப்புங்கள். இரவில் எந்த எண்ணில் உங்களைக் கூப்பிடலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியை

இணைப்பு: விபத்துப் பதிவேட்டின் நகல், பெற்றோர் ரசீது