காலை ஷிப்ட் படம்: காய் வெட்டும் பிரிவு ஊழியர் மதிப்பீடு

கிளைச் சமையல் மேற்பார்வையாளருக்கு,

காய் வெட்டும் அக்காவின் சுத்தத்தைப் பார்க்கக் காலை 5.40-க்கு வாட்ஸ்அப்பில் வந்த இரண்டு படங்களையும் (முழு உருவம், விரித்த கைகள்) பார்த்தேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்த அக்காவை இப்போதைக்குத் தேங்காய்ச் சட்னிப் பக்கம் விட வேண்டாம். கீழே உள்ளவற்றைச் சரிசெய்து மறுபடம் அனுப்புங்கள். பத்து நிமிட வேலைதான்.

தலை: வலைத்தொப்பி போட்டிருக்கிறார், ஆனால் நெற்றி முடி இரண்டு விரல் அகலம் வெளியே நிற்கிறது, காதோரமும் அப்படியே. தொப்பி சின்னதல்ல, கொண்டையில் சுற்றிய மல்லிகைச் சரம் வலையைப் பின்னுக்கு இழுக்கிறது. பூவையும் ஹேர்பின்னையும் எடுத்துவிட்டுக் கொண்டையைப் பிடரியில் தாழ்த்திப் போட்டால் வலை நெற்றிவரை இறங்கி, காதையும் மூடும். ஏப்ரன் கட்டும் முன்பே தொப்பி போடச் சொல்லுங்கள். பிறகு போட்டால் உதிரும் முடி ஏப்ரன் மேல் விழும்.

ஏப்ரன்: முழங்கால்வரை மறைக்கிறது, துவைத்ததுதான். வயிற்றுப் பக்க மஞ்சள் கறை ஓரம் மங்கிய பழைய கறை. அதற்குக் குறை எழுதவில்லை. இடுப்பில் செருகிய துணியை எடுக்க வேண்டும். மேடை துடைத்த துணியிலேயே கையும் துடைப்பார்கள், கழுவிய கை வீணாகும். கழுத்து நாடாவில் குத்திய ஊக்கும் வேண்டாம், முடிச்சுப் போட்டுச் சுருக்கினால் போதும்.

நகம்: இங்கேதான் படம் ஏமாற்றும். மஞ்சள்தூள் ஏறிய நகம் முழுக்கச் சீராக மஞ்சளாக இருக்கும், அது அழுக்கல்ல. அழுக்கு நுனிக்கு அடியில் கருங்கோடாகத் தெரியும். வலது ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அந்தக் கோடு இருக்கிறது. கட்டைவிரலில் பாதி உரிந்த நகப்பூச்சு. உரிந்தது எங்கே விழும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கைக் கண்ணாடி வளையல்களும் கழற்றப்பட வேண்டும்.

இடது ஆள்காட்டி விரலில் தோல்நிற பிளாஸ்டர், ஓரம் நனைந்து தூக்கியிருக்கிறது. புண்ணில் இருக்கும் ஸ்டேஃபிலோகாக்கஸ் கிருமி உணவில் பெருகி வெளியிடும் நச்சு, கொதிக்க வைத்தாலும் எளிதில் அழியாது. சட்னியோ கொதிப்பதே இல்லை. தண்ணீர் புகாத நீல பிளாஸ்டர் ஒட்டி, மேலே கையுறை போடட்டும். நீலம் ஏனென்றால் உணவில் விழுந்தால் உடனே கண்ணில் படும். புண்ணில் சீழ் இருந்தால் இன்று உணவைத் தொடும் வேலையே வேண்டாம்.

மறுபடத்தில் உள்ளங்கை கேமராவைப் பார்க்கட்டும், விரல்கள் மேல்நோக்கி. விரல் நுனிக்கு மேல் நகம் எட்டிப் பார்த்தால் வெட்ட வேண்டும். புறங்கைப் படத்தில் இது தெரியாது. போனில் அழகு மோடை அணைத்துவிடுங்கள், அது கருங்கோட்டையும் சேர்த்து அழித்துவிடும். பின்பக்கம் ஒரு படம், ஏப்ரன் முடிச்சு தெரியும்படி. கை கழுவினாரா என்பது எந்தப் படத்திலும் தெரியாது. சோப்புப் போட்டு 20 விநாடி தேய்ப்பதை நீங்களே நின்று பாருங்கள்.