வாராந்திர தராசு விற்பனைக் கூட்டம்: திங்கள், ஜூன் 1, 2026

தண்டையார்பேட்டை அலுவலகம், காலை 9:30 முதல் 10:20 வரை
வர வேண்டியவர்கள்: செல்வி (போன்), முருகன் (காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர்), அப்துல் (பாரிமுனை, கொத்தவால்சாவடி, வண்ணாரப்பேட்டை), தினேஷ் (மணலி, மாதவரம், எண்ணூர்), நான்

இந்த வாரம் எத்தனை கடை ஏறி இறங்கினீர்கள் என்று கேட்கப் போவதில்லை. வெயிலில் அலைகிறீர்கள், தெரியும். ஒரே கேள்விதான்: எந்தப் பார்ட்டி எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு நகர்ந்தார், அதற்கு அவர் என்ன செய்தார்? நாம் கொட்டேஷன் அனுப்பியது நம் வேலை. அதைப் படித்துவிட்டு அவர் திருப்பிக் கூப்பிட்டால்தான் நகர்வு.

சனிக்கிழமை மாலை நிலவரம்: மொத்தம் 34 பார்ட்டி. விசாரணையில் 11, நேரில் பார்த்தது 8, கொட்டேஷன் 9, பேரம் 4, பி.ஓ. வரும் நிலையில் 2. மதிப்பு சுமார் 18.6 லட்சம் ரூபாய். அதில் 9 லட்சம் மாதவரம் லாரி யார்டின் 60 டன் வே பிரிட்ஜ் ஒன்றே. அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் நம் உண்மையான நிலை தெரியும்.

9:30 – நகர்ந்தவை (10 நிமிடம்)
போன வாரம் 6 பார்ட்டி முன்னே வந்திருக்கிறார்கள், 2 பேர் பின்னே போயிருக்கிறார்கள். பின்னே போனதை ஷீட்டில் மறைக்காமல் எழுதிய அப்துலுக்கு நன்றி. பேரத்தில் இருந்த கொத்தவால்சாவடி பருப்பு மண்டி மறுபடி விசாரணைக்குப் போனது ஏன் என்று அவரே சொல்லட்டும். அண்ணன் தம்பி கடையைப் பிரித்துக்கொண்டார்கள் என்று கேள்வி. அப்படியானால் இப்போது யாரிடம் பேச வேண்டும்?

9:40 – கொட்டேஷனில் தேங்கியவை (20 நிமிடம்)
இன்றைய முக்கிய வேலை இதுதான். 9 பேரில் 5 பேருக்கு கொட்டேஷன் போய் 14 நாளுக்கு மேல் ஆகிறது. ஐந்தில் மூன்று காசிமேடு மீன் வியாபாரிகள், உப்புத் தண்ணீர் தாங்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தராசு கேட்டவர்கள். மூவரும் சொல்வது ஒன்றுதான்: "தடைக்காலம் முடியட்டும்."

அது சாக்கு இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கையில் இருக்கும் பணமும் படகு பழுதுபார்க்கப் போய்விடும். அதனால் இப்போது முழுப் பணம் கேட்க வேண்டாம். ஆனால் படகுகள் திரும்பி ஏலம் சூடு பிடித்த பிறகு தராசு கேட்டால் நம்மால் உடனே கொடுக்க முடியாது. முத்திரை போட்டு வாங்கவே நாள் ஆகும், முத்திரை இல்லாத தராசை நாம் கொடுக்கவும் மாட்டோம். முருகன் இதை அவர்களிடம் நேரில் சொல்லி, ஜூன் 8-க்குள் சிறிய அட்வான்ஸோ டெலிவரி தேதியோ வாங்கினால் பேரக் கட்டத்துக்கு மாற்றலாம். இரண்டும் இல்லையென்றால் கொட்டேஷனிலேயே இருக்கட்டும், ஜூலையில் பார்ப்போம்.

மீதி இரண்டு பேர் திருவொற்றியூர் இரும்புக் கடையும் வண்ணாரப்பேட்டை ஜவுளி குடோனும். செல்வி மூன்று முறை கூப்பிட்டும் பதில் இல்லை. இந்த வாரமும் பதில் வராவிட்டால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவோம். எடுப்பது தோல்வி இல்லை, செல்வியின் நேரம் மிச்சம்.

10:00 – வே பிரிட்ஜ் (8 நிமிடம்)
பேரத்தில் மூன்று வாரமாக நிற்கிறது. விலையில் பிரச்சினை இல்லை, அஸ்திவார வேலை யார் செலவு என்பதில்தான் நிற்கிறது என்று தினேஷ் சொல்கிறார். யார்டில் இடத்தைக் காட்டும் மேனேஜருக்குக் கையெழுத்து அதிகாரம் உண்டா? இல்லையென்றால் முதலாளியைப் பார்க்க நானும் வருகிறேன். இந்த வாரம் எந்த நாள் என்று கூட்டத்திலேயே முடிவு செய்வோம்.

10:08 – விசாரணை 11 (5 நிமிடம்)
செல்வி சுருக்கமாக. நேரில் பார்க்க நாள் குறித்தவர்களை மட்டும் சொன்னால் போதும். பழைய வாடிக்கையாளர்களில் இந்த ஆண்டு மறுமுத்திரைக்கு வர வேண்டியவர்கள் பட்டியலையும் எடுத்து வைக்கவும். தராசு பழசாகிவிட்டது என்பது அப்போதுதான் அவர்களுக்கே உறைக்கும், புது விசாரணை வர நல்ல வழி.

10:13 – இந்த வார வாக்கு (7 நிமிடம்)
ஒவ்வொருவரும் இரண்டு பார்ட்டி: யார், எந்தக் கட்டத்துக்கு, எந்த நாளுக்குள். பலகையில் அவரவர் கையால் எழுத வேண்டும். அடுத்த திங்கள் அதிலிருந்துதான் தொடங்குவோம்.

ஷீட்டை ஞாயிறு இரவு 8 மணிக்குள் சரி செய்துவிடுங்கள், கூட்டத்தில் உட்கார்ந்து யாரும் எழுத வேண்டாம். தினேஷுக்கு மணலி சாலையில் கன்டெய்னர் லாரிகள் நின்று தாமதமானால் போனில் சேரட்டும், வே பிரிட்ஜ் பேச்சை அவர் வந்த பிறகு எடுப்போம். டீ செல்வி சொல்லிவிடுவார்.