பாடக் குறிப்பு 4: மட்டு எண்கணிதமும் பொதுச் சாவியும்

பத்தாம் வகுப்பில் படித்த மட்டு எண்கணிதத்திலிருந்தே தொடங்குவோம். இன்று புதன்கிழமை என்றால், 100 நாள் கழித்து என்ன கிழமை? யாரும் நூறையும் எண்ண மாட்டார்கள். 100-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 2, ஆகவே வெள்ளி. இதையே 100 ≡ 2 (mod 7) என்று எழுதுகிறோம். இந்த ≡ குறியை காஸ் 1801-இல் வெளியிட்ட நூலில் பயன்படுத்தினார்.

கூட்டல், பெருக்கல் இரண்டிலும் இடையிலேயே மீதி எடுத்துக்கொள்ளலாம், விடை மாறாது. வகுத்தலில் மட்டும் கவனம் வேண்டும். mod 40-இல் 3-ஆல் வகுக்க வேண்டுமானால், 3-உடன் பெருக்கினால் 1 தரும் எண்ணைத் தேட வேண்டும். 3 × 27 = 81 ≡ 1. ஆக 27 தான் 3-இன் நேர்மாறு. 3-க்கும் 40-க்கும் 1 தவிர வேறு பொதுக் காரணி இல்லாததால்தான் அது கிடைத்தது. இந்த 27-ஐ நினைவில் வையுங்கள், சீக்கிரமே தேவைப்படும்.

இப்போது ஒரு வேடிக்கை. 6, 7, 8, 9 ஆகியவற்றின் கனங்கள் 216, 343, 512, 729. வரிசையாக ஏறுகின்றன. 343-ஐக் கொடுத்து கனமூலம் கேட்டால், கொஞ்சம் கூட்டியும் குறைத்தும் பார்த்து 7-ஐப் பிடித்துவிடலாம். இதே கனங்களை mod 55-இல் எழுதுங்கள்: 51, 13, 17, 14. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. 13-ஐக் கொடுத்தால், மூலம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று ஊகிக்க எந்தத் தடயமும் கிடையாது. மீதி எடுப்பது அந்தத் தடயத்தை அழித்துவிடுகிறது. பாடத்தின் உயிர்நாடி இதுதான். மற்றதெல்லாம் கணக்கு வேலை.

பழைய மறையாக்க முறைகளில் பூட்டவும் திறக்கவும் ஒரே சாவி. அதை முன்கூட்டியே இரகசியமாகக் கைமாற்ற வேண்டும். பூட்டும் சாவியை ஊருக்கே சொல்லிவிட்டு, திறக்கும் சாவியை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா என்ற கேள்வியை டிஃபியும் ஹெல்மனும் 1976-இல் வெளிப்படையாக முன்வைத்தார்கள். அடுத்த ஆண்டே ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் ஒரு வழி கண்டார்கள்; அதுதான் ஆர்.எஸ்.ஏ. பிரிட்டிஷ் உளவுத் துறையில் கிளிஃபர்ட் காக்ஸ் 1973-லேயே இதைக் கண்டுபிடித்திருந்தார் என்பது 1997-இல்தான் வெளியே தெரிந்தது. பாவம், அதுவரை வாயைத் திறக்க முடியாத நிலை.

சரி, செய்து பார்ப்போம். நான் இரு பகா எண்களை எடுக்கிறேன்: 5, 11. பெருக்கினால் n = 55. ஒவ்வொன்றிலும் ஒன்றைக் குறைத்துப் பெருக்கினால் 4 × 10 = 40. கரும்பலகையில் 55, 3 என்ற இரண்டை மட்டும் எழுதுகிறேன். அது பொதுச் சாவி. 27 என் பையில், அது தனிச் சாவி.

நீங்கள் 7 என்ற எண்ணை அனுப்ப வேண்டும். 7³ = 343, mod 55-இல் 13. அந்த 13-ஐ வகுப்பு முழுக்கக் கேட்கும்படியே சொல்லுங்கள். நான் 13-ஐ 27-ஆம் அடுக்குக்கு உயர்த்துகிறேன். 27 முறை பெருக்க வேண்டாம், வர்க்கம் எடுத்துக்கொண்டே போனால் போதும்:

```
13^2  ≡ 4
13^4  ≡ 16
13^8  ≡ 36
13^16 ≡ 31
```

27 = 16 + 8 + 2 + 1. எனவே 31 × 36 ≡ 16; 16 × 4 ≡ 9; 9 × 13 = 117 ≡ 7. உங்கள் 7 வந்துவிட்டது.

ஏன் வந்தது? 55-உடன் பொதுக் காரணி இல்லாத எந்த m-க்கும் m⁴⁰ ≡ 1 (mod 55) என்கிறது ஆய்லர் தேற்றம். மூன்றாம் அடுக்கை மறுபடி 27-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் m⁸¹. அது (m⁴⁰)² × m, அதாவது m. (5, 11-இன் மடங்குகளுக்கும் இது சரியாகவே வரும், நிறுவல் அடுத்த வாரம்.)

ஒட்டுக்கேட்பவருக்கு 55, 3, 13 மூன்றும் தெரியும். 27 வேண்டுமானால் 40 தெரிய வேண்டும். 40 வேண்டுமானால் 55-ஐக் காரணிப்படுத்த வேண்டும். 55-ஐ யாரும் உடைப்பார்கள். நடைமுறையில் n பெரும்பாலும் 2048 பிட், அதாவது 617 இலக்கம். 829 பிட் நீளமுள்ள ஆர்.எஸ்.ஏ-250 என்ற சவால் எண்ணை 2020-இல் உடைத்தார்கள்; அதற்கே ஏராளமான கணினிகள் சேர்ந்து உழைக்க வேண்டியிருந்தது. ஆனால் காரணிப்படுத்துவது கடினம் என்று இதுவரை யாரும் நிறுவவில்லை. போதிய அளவு குவாண்டம் கணினி வந்தால், ஷோரின் 1994 வழிமுறை இதை உடைத்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த வடிவத்தை அப்படியே பயன்படுத்தக் கூடாது. செய்தி "ஆம்", "இல்லை" இரண்டில் ஒன்றுதான் என்று தெரிந்தால், ஒட்டுக்கேட்பவர் இரண்டையும் பொதுச் சாவியால் பூட்டி, எது பொருந்துகிறது என்று பார்த்துவிடுவார். அதனால் பூட்டுமுன் செய்தியோடு தற்செயல் பிட்டுகளைக் கலக்கிறார்கள்.

வீட்டுப்பாடம்: பொதுச் சாவி n = 33, அடுக்கு 3. உங்களுக்கு வந்த மறைசெய்தி 31. தனிச் சாவியைக் கண்டுபிடித்து, செய்தியைக் கையால் மீட்டு எடுங்கள். அடுக்காக 3-க்குப் பதில் 5-ஐ ஏன் எடுக்க முடியாது என்பதையும் எழுதுங்கள். பைத்தானில் சரிபார்க்க `pow(31, d, 33)` போதும்; ஆனால் `d`-க்கான மதிப்பை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.