மரச்செக்கு எண்ணெய் ஆலையை வாங்குவதற்கான விருப்பக் கடிதம்

பொள்ளாச்சி
3 ஜனவரி 2026

பெறுநர்:
திரு. க. வேலுச்சாமி,
உரிமையாளர், பொன்மணி மரச்செக்கு,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம்

மதிப்பிற்குரிய ஐயா,

கொழிஞ்சாம்பாறையில் தாங்கள் நடத்திவரும் மரச்செக்கு எண்ணெய் ஆலையை நான் வாங்கிக்கொள்வது குறித்துச் சென்ற மாதம் இரண்டு முறை நேரில் பேசினோம். அதில் நமக்குள் ஒத்துவந்தவற்றை எழுத்தில் வைப்பதற்காக இக்கடிதத்தைத் தருகிறேன். இது விற்பனை ஒப்பந்தம் அல்ல.

1. நான் வாங்க எண்ணுவது நான்கு வாகைமரச் செக்குகள், அவற்றின் மோட்டார்கள், ஒரு வடிகட்டி, கொப்பரை உலர்த்தும் தட்டுகள், தராசுகள், 'பொன்மணி' என்ற பெயர், வாடிக்கையாளர் பட்டியல் ஆகியவை. கட்டடம் வாடகைக்கு உள்ளது. ஆகவே கட்டட உரிமையாளர் என் பெயரில் குறைந்தது ஐந்தாண்டுக்குப் புதிய வாடகை ஒப்பந்தம் எழுதித் தர இசைய வேண்டும். பொள்ளாச்சி, ஆனைமலைக் கொப்பரை வியாபாரிகளுக்குத் தாங்கள் தரவேண்டிய பாக்கியும், கடைக்காரர்களின் பற்று நோட்டில் தங்களுக்கு வரவேண்டிய தொகையும் தங்களுடையவையே. அவற்றை நான் ஏற்கவில்லை.

2. விலை ரூ.30 லட்சம்; அதில் கருவிகளுக்கு ரூ.21 லட்சம், பெயருக்கும் வாடிக்கைக்கும் ரூ.9 லட்சம். கைமாறும் நாளில் இருப்பிலுள்ள கொப்பரை, எள், எண்ணெய் டின்களை இருவரும் சேர்ந்து எடை போட்டு, அன்றைய சந்தை விலையில் தனியே கணக்கிட்டுத் தருவேன். மூன்றாம் செக்கின் உரலில் கைவிரல் நுழையும் அளவுக்கு விரிசல் இருப்பதை இருவரும் பார்த்தோம்; அதைத் தாங்கள் மாற்றித் தராவிட்டால் விலையில் ரூ.60,000 குறையும். தொகை முழுவதும் வங்கி வழியாகவே செலுத்தப்படும்.

3. மூன்று ஆண்டு ஜி.எஸ்.டி. கணக்குகள், வருமான வரிக் கணக்குகள், மின்கட்டண ரசீதுகள், பஞ்சாயத்து உரிமம், தொழிலாளர் இருவரின் ஊதியக் கணக்கு ஆகியவற்றை என் தணிக்கையாளர் பார்த்துத் திருப்தி அடைய வேண்டும். தொழில் கைமாறும்போது, அதுவரையிலான ஜி.எஸ்.டி. பாக்கிக்கு விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே பொறுப்பாவார்கள் என்று 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 85ஆம் பிரிவு கூறுவதால், இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதற்கில்லை. உணவுப் பாதுகாப்பு உரிமத்தை என் பெயரில் நானே புதிதாகப் பெறுவேன்.

4. எல்லாம் ஒத்துவந்தால் 18 பிப்ரவரி 2026க்குள் விற்பனை ஒப்பந்தம் எழுதி, மார்ச் முதல் தேதி ஆலையைப் பெற்றுக்கொள்ள எண்ணுகிறேன். அதன்பின் ஒரு மாதம் தாங்கள் உடனிருந்து, கொப்பரையின் ஈரப்பதம் பார்த்து வாங்கும் பக்குவத்தைக் காட்டித் தரவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

5. தனியுரிமைக் காலம்: 5 ஜனவரி 2026 முதல் 18 பிப்ரவரி 2026 மாலை 6 மணி வரை, பொங்கல் விடுமுறை உட்பட 45 நாட்கள். இக்காலத்தில் தாங்களோ, தங்கள் குடும்பத்தாரோ, தரகர் எவருமோ, ஆலையை விற்பதற்கோ குத்தகைக்கு விடுவதற்கோ பிறருடன் பேசவும், கணக்குகளைக் காட்டவும், முன்பணம் பெறவும் கூடாது; யாரேனும் தாமாகவே கேட்டு வந்தால், இரண்டு நாட்களுக்குள் எனக்குத் தெரிவிக்க வேண்டும். அன்றாட எண்ணெய் விற்பனைக்கு இதனால் தடையில்லை. இக்காலம் தானாக நீளாது. இருவரும் எழுத்தில் இசைந்தால் மட்டுமே நீளும். ஆலை வேண்டாம் என்று நான் முன்னதாகவே எழுத்தில் தெரிவித்தால், அன்றே முடியும்.

6. கையொப்பமிடும் நாளில் ரூ.1 லட்சம் முன்பணமாகத் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்துவேன். ஒப்பந்தம் ஏற்பட்டால் அது விலையில் கழியும். எக்காரணத்தால் ஏற்படாவிட்டாலும் தனியுரிமைக் காலம் முடிந்த ஏழு நாட்களில் தாங்கள் திருப்பித் தரவேண்டும். 5ஆம் பத்தியைத் தாங்கள் மீறினால், முன்பணத்துடன், தணிக்கையாளருக்கும் வழக்கறிஞருக்கும் நான் உண்மையில் செலவிட்ட தொகையை, ரூ.40,000க்கு மிகாமல், ரசீது கண்டு தரவேண்டும்.

7. நான் பார்க்கும் கணக்குகளையும் வாடிக்கையாளர் பெயர்களையும், தணிக்கையாளர், வழக்கறிஞர் தவிர வேறெவருக்கும் சொல்லமாட்டேன். விற்பனை நடக்காவிட்டால் நகல்களைத் திருப்பித் தருவேன். இக்கடமை இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். விலை குறித்த பேச்சைத் தாங்களும் வெளியிடலாகாது.

8. 6ஆம் பத்தியில் கூறியது நீங்கலாக, அவரவர் செலவு அவரவருடையது. இக்கடிதம் இந்தியச் சட்டத்திற்கு உட்பட்டது. வழக்கு எழுந்தால் பாலக்காடு மாவட்ட நீதிமன்றங்களிலேயே தொடுக்கப்படும். வாடகைப் பத்திரமும் பஞ்சாயத்து உரிமமும் மலையாளத்தில் இருந்தாலும், இக்கடிதத்தின் பொருள் குறித்து ஐயம் எழுந்தால் தமிழ் வாசகமே செல்லும்.

9. இருவரும் கையொப்பமிட்டதும் 5 முதல் 9 வரையுள்ள பத்திகள் மட்டுமே நம்மைச் சட்டப்படி கட்டுப்படுத்தும். 1 முதல் 4 வரையுள்ளவை நம் இன்றைய எண்ணத்தைக் காட்டுபவை மட்டுமே. அவற்றைக் காட்டி, விற்றே தீரவேண்டும் என்று நானோ, வாங்கியே தீரவேண்டும் என்று தாங்களோ உரிமை கோர முடியாது. முன்பணம் கைமாறியதாலோ, தொலைபேசியில் ஒப்புக்கொண்டதாலோ அந்நிலை மாறாது. கையொப்பமிட்ட விற்பனை ஒப்பந்தம் ஒன்றே மாற்றும்.

இசைவிருப்பின், 5 ஜனவரி மாலை 6 மணிக்குள் இரு படிகளிலும் கையொப்பமிட்டு ஒன்றை எனக்குத் தரவேண்டுகிறேன். அதற்குள் வராவிட்டால் இக்கடிதம் செல்லாது.

தங்கள் உண்மையுள்ள,
ஆ. செந்தில்குமார்
வாங்க விரும்புபவர்

படித்துப் பார்த்து, 9ஆம் பத்தியில் கூறிய வரையறைக்கு உட்பட்டு ஏற்கிறேன்:
க. வேலுச்சாமி
5 ஜனவரி 2026